தபாற்பெட்டியைத் திறக்காமல் இருத்தல்

நான் குடியிருக்கும் கட்டிடத்தில் தபாற்பெட்டிகள் எல்லாம் கீழே, வாசற்கதவுக்கு உட்புறமாக, வரிசையாக இருக்கின்றன. தபாற்காரர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருவார். பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை திறந்து பார்ப்பவனாக முப்பது வருடங்களுக்கு மேல் இருந்திருக்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு, நிச்சயமாக எதுவுமே வந்திருக்க முடியாத நேரத்தில்கூட, குப்பை போடுவதைச் சாட்டாக வைத்துக் கீழே இறங்குவேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இதனை வாசிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1985இல் கிழக்கு பெர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பிரெட்றிக்ஸ்ராச நிலையத்தினூடாக மேற்குக்குக் கடந்தவர்களில் நானும் ஒருவன். ரூர் பகுதியிலுள்ள ஒரு நகரத்தின் அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வருடத்தின் பின் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதன்பின் 'டுல்டுங்'. மூன்று மாதம், சிலவேளை ஒரு மாதம் என்று நீட்டிக் குத்தித் தருவார்கள். அடுத்த தடவை நீட்டுவார்களா, கொழும்புக்கு ஏற்றுவார்களா என்பதை அந்தத் தபாற்பெட்டிதான் சொல்லும். அன்று நான் அதை ஐந்து தடவை திறந்தது நோயல்ல. நிலைமைக்குப் பொருத்தமான நடத்தை. ஆனால் 2001இல் ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. பெட்டியைத் திறக்கும் கை மட்டும் நிற்கவில்லை. அது பெட்டியிலிருந்து வேறு இடங்களுக்கும் பரவியது. மகள் ரெலிபோன் எடுக்காவிட்டால், வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றால், அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் பதில் வராவிட்டால், நெஞ்சுக்குள் அதே டுல்டுங் காலத்து இறுக்கம்.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளன். அகதிகளுக்கான உளவியல் ஆலோசனை நிலையம் ஒன்றில் சிகிச்சையாளருக்கும் எமது ஆட்களுக்கும் நடுவில் பல வருடங்கள் இருந்து கதைத்திருக்கிறேன். அங்கு கேட்டவற்றை எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு நாள், சந்திப்பு முடிந்தபின், நானே என் தபாற்பெட்டிக் கதையை அந்தச் சிகிச்சையாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'உங்களுக்குப் பயம் கடிதத்தைப் பற்றியதல்ல, தெரியாமல் இருப்பதைப் பற்றியது' என்றார். அதற்கென்று தனியாக ஒரு பெயர் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இந்தக் கட்டுரை அந்தப் பெயரையும், அதன்பின் நான் வாசித்தவற்றையும், என்மீதே செய்துபார்த்தவற்றையும் பற்றியது.

பெயர்: நிச்சயமின்மையைப் பொறுத்துக்கொள்ளாமை. கனடாவின் கியூபெக்கில் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிறீஸ்ரன், மிஷேல் டுகா, றொபேர் லடூசர் ஆகியோரும் அவர்களின் சகாக்களும் 1994இல் இதனை அளப்பதற்கு 27 கூற்றுக்கள் கொண்ட ஒரு அளவுகோலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: சிலர் மட்டும் ஏன் ஓயாமல் கவலைப்படுகிறார்கள்? பணம், நோய், பிள்ளைகள், வேலை என்று கவலைப்படும் விடயங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. வேறுபாடு விடயத்தில் இல்லை. விடை தெரியாத நிலை என்பதையே ஒரு ஆபத்தாக எடுத்துக்கொள்பவர்கள்தான் ஓயாமல் கவலைப்படுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஒவ்வாமையுள்ள ஒருவருக்கு ஒரு துளி மகரந்தப்பொடி போதும், மூக்கு அடைத்துக்கொள்ளும். அதுபோல இவர்களுக்கு ஒரு துளி தெரியாமை போதும்.

இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவர். எல்ஸ பிறெங்கல்-புறுன்ஸ்விக். 1908இல் லெம்பேர்க்கில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து படித்த யூதப்பெண். 1938இல் ஹிட்லர் ஒஸ்ரியாவை இணைத்துக்கொண்டதும் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அடோர்னோவுடன் சேர்ந்து 'அதிகாரத்துவ ஆளுமை' என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1949இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு சிறு பரிசோதனை வருகிறது. ஒரு நாயின் படம். அடுத்தடுத்த படங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி இறுதியில் பூனையாகிறது. பிற இனத்தவர் மீது முற்சாய்வு கூடிய பிள்ளைகள் நாய் என்பதை விட்டுக்கொடுக்காமல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாயுமல்ல, பூனையுமல்ல என்ற இடைநிலையை அவர்களால் பார்க்க முடியவில்லை. ஒருவன் தியாகியாகவோ துரோகியாகவோ மட்டுமே இருக்கமுடியும் என்று நாம் அடம்பிடித்த காலத்தை நினைத்தால், அந்தப் படங்களை எமக்கும் ஒருதடவை காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவர் பேசியது கண்முன் இருக்கும் ஒன்றின் இரட்டைத்தன்மையைச் சகிக்காமை பற்றி. கியூபெக் ஆய்வாளர்கள் பேசியது இனி வரப்போவது தெரியாதிருத்தல் பற்றி. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய உறவினர்கள்.

சரி, தெரியாமை ஏன் இவ்வளவு தாங்கமுடியாததாக இருக்கிறது? கெட்டது நிச்சயம் என்று தெரிவதைவிடவும் அது மோசமாக இருப்பது எப்படி?

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கொண்டு ஒரு ஆய்வு செய்தார்கள். கணினித் திரையில் கற்கள். ஒவ்வொரு கல்லின் கீழும் பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. பாம்பு வரும் சாத்தியம் இடையிடையே மாறிக்கொண்டிருக்கும். அவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நூறு வீதம் நிச்சயம் என்ற வேளையில் அல்ல, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்த வேளையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு அதற்குத் தயாராகிறது. விழாது என்றால் தளர்கிறது. விழலாம் என்றால் இரண்டையும் செய்யமுடியாமல் நடுவில் நிற்கிறது. டுல்டுங் காலத்தில் முகாமில் ஒருவன், 'அனுப்பிறதெண்டால் அனுப்பித் துலையட்டும்' என்று அடிக்கடி கத்துவான். அப்போது அதை விரக்தி என்று நினைத்தேன். அவன் கேட்டது விடுதலையை அல்ல, ஒரு விடையை என்பது இப்போது விளங்குகிறது.

டொச் மொழியில் ஒரு விசேடம் இருக்கிறது. 'உன்சிஷர்ஹைட்' என்ற ஒரே சொல் நிச்சயமின்மையையும் குறிக்கும், பாதுகாப்பின்மையையும் குறிக்கும். தமிழில் இவை இரண்டு சொற்கள், இரண்டு விடயங்கள். ஆனால் எமது உடம்புகள் இந்த நாட்டில் டொச் படித்துவிட்டன. நீண்டகாலம் தெரியாமையும் ஆபத்தும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தபடியால், ஆபத்து போனபின்னும் தெரியாமை வந்தால் ஆபத்து வந்ததாகவே உடம்பு எடுத்துக்கொள்கிறது. சிகிச்சையின் முழு வேலையும், சுருக்கமாகச் சொன்னால், ஒட்டிப்போன இந்த இரண்டு சொற்களையும் பிரித்தெடுப்பதுதான்.

அதற்கு முன் இந்த ஒட்டு எவ்வாறு காயாமல் இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். நான் பெட்டியைத் திறக்கிறேன். ஒன்றுமில்லை. ஒரு பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் கூலி போன்றது. உடம்பு இரண்டு பாடங்களைப் படிக்கிறது: திறந்தபடியால்தான் பதற்றம் போனது, திறக்காமல் இருந்திருந்தால் அது போயிருக்காது. இந்த இரண்டாவது பாடம் பொய். திறக்காமல் விட்டிருந்தாலும் பதற்றம் தானாகவே இறங்கியிருக்கும். ஆனால் நான் ஒருநாளும் திறக்காமல் விடவில்லை, ஆகவே அது பொய் என்பது எனக்குத் தெரியவர வழியில்லை. ஆறுதல் ஒரு மணித்தியாலம் தங்கும். பிறகு, 'தபாற்காரர் பிந்தி வந்திருந்தால்?' என்ற எண்ணம். மறுபடியும் படியிறங்கு.

இத்தகைய நடத்தைகள் இரண்டு குடும்பங்களாக வருகின்றன. ஒன்று, தெரியாமையை உடனே ஒழிக்கப் பார்ப்பது: திரும்பத் திரும்பச் சரிபார்த்தல், ஒரே கேள்வியைப் பலரிடம் கேட்டல், எழுதியதை ஏழு தடவை வாசித்தல், பிறரிடம் வேலையை ஒப்படைக்காமல் எல்லாவற்றையும் தானே செய்தல். மற்றது, தெரியாமை இருக்கும் பக்கமே போகாமல் விடுவது: கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தல், முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுதல், எதிலும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே இருத்தல். பார்வைக்கு எதிரெதிரானவை. ஆனால் ஒரே மனிதரிடமே இரண்டும் இருக்கும். நான் பெட்டியை ஐந்து தடவை திறப்பேன். என் மனைவியோ அலுவலகக் கடிதம் என்றால் தொடவே மாட்டாள். இருவரும் ஒரே நோயின் இரண்டு கை.

அவசியமான விசாரிப்பையும் இந்தப் பழக்கத்தையும் எப்படி வேறுபடுத்துவது? சிகிச்சையாளர் சொன்ன சோதனை எனக்குப் போதுமாக இருந்தது. கேட்டபின் புதிதாக ஏதாவது தெரியவந்ததா? அந்தத் தகவலை வைத்து இன்றைக்கே ஏதாவது செய்யப்போகிறீர்களா? இரண்டுக்கும் இல்லையென்றால், அதோடு ஒரு மணித்தியாலத்திற்குள் அதே கேள்வி மறுபடி எழுந்தால், நீங்கள் தேடியது தகவலை அல்ல.

இனிப் பயிற்சி. அடிப்படை இதுதான்: சிறியதாக ஒரு தெரியாமையைத் தெரிந்தெடுத்து, வழக்கமாகச் செய்யும் ஆறுதல் தேடலைச் செய்யாமல் விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. தொடங்குமுன் ஒரு கொப்பியில் எழுதவேண்டும்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? முடிந்தபின் எழுதவேண்டும்: உண்மையில் என்ன நடந்தது? கெட்டதாக நடந்திருந்தால், அதை எப்படிச் சமாளித்தேன்? டுகாவும் அவரது சகாக்களும் பிற்காலத்தில் வடிவமைத்த சிகிச்சைமுறை இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நிற்கிறது. முன்கூட்டியே எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால் மனம் பின்னர், 'நான் அப்படியொன்றும் பயப்படவில்லையே' என்று கணக்கை மாற்றிவிடும்.

முதல் வாரம் நான் எடுத்தது தபாற்பெட்டி. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு மட்டும் திறப்பது. திங்கட்கிழமை காலை கொப்பியில் எழுதினேன்: 'முக்கியமான கடிதம் வந்து கிடக்கும், பதில் பிந்தும். ஆறு மணிவரை என்னால் வேறெந்த வேலையும் செய்யமுடியாது.' பதினொன்றரைக்கு, பத்துக்கு ஏழு என்று சொல்லக்கூடிய பதற்றம். கால்கள் தாமாகவே கதவுப்பக்கம் போயின. பன்னிரண்டரைக்கும் அப்படியே. இரண்டு மணிக்கு ஒரு மொழிபெயர்ப்பில் மூழ்கிவிட்டேன். மூன்றரைக்கு நினைவுவந்தபோது பதற்றம் மூன்று. ஆறு மணிக்குப் பெட்டிக்குள் இருந்தது ஒரு பீட்சாக் கடை விளம்பரமும் தண்ணீர்க் கட்டண அறிவித்தலும். எழுதியதில் முதலாவது நடக்கவில்லை. எனக்கு அதிசயமாக இருந்தது இரண்டாவது. வேறு வேலை செய்ய முடியாது என்று எழுதியவன் ஆறு பக்கம் மொழிபெயர்த்திருந்தேன்.

இரண்டாம் மூன்றாம் வாரங்களில் வேறு சிறு விடயங்கள். என்ன படம் என்று விசாரிக்காமல் சினிமாவுக்குப் போனது. மனைவியிடம் பட்டியல் கொடுக்காமல், 'உமக்கு விருப்பமானதை வாங்கிக்கொண்டு வாரும்' என்று சொன்னது. (அவள் ஏதோ நோய் என்று நினைத்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.) பிறகு கொஞ்சம் கனமானது: வேலைக் கடிதங்களை ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புவது. இங்கேதான் கெட்டது நடந்தது. ஒரு சந்திப்பின் திகதியை 14 என்பதற்குப் பதிலாக 15 என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் இத்தனை வருடமும் பயந்துகொண்டிருந்த அதே பிழை. அடுத்தநாள் அந்தப் பெண்மணி ரெலிபோன் எடுத்து, 'ஐயா, பதினைந்தாந் திகதி சனிக்கிழமை வருகுது, அண்டைக்குத் திறந்திருப்பினமோ?' என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். மூன்று நிமிடம். கொப்பியில் இதை எழுதியபோது சிகிச்சையாளர் மகிழ்ச்சியடைந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எல்லாம் நல்லபடி முடிந்த நாட்களிலிருந்து நான் படித்தது, 'இம்முறை தப்பிவிட்டேன்' என்பதுதான். பிழை நடந்த நாளிலிருந்துதான், பிழை நடந்தாலும் என்னால் ஒரு ரெலிபோனில் நிமிர்த்த முடியும் என்பது தெரிந்தது. 'ஒன்றும் நடக்காது' என்று தன்னைத் தேற்றிக்கொள்வது இந்தப் பயிற்சியல்ல. அதுவும் இன்னொரு ஆறுதல் தேடல்தான்.

ஏணியின் மேற்படியில் இருந்தது மகள். அவள் ஹம்பேர்க்கில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி இரவு பத்து மணியளவில் வீட்டுக்கு வருவாள். ஏறியதும் ஒரு அழைப்பு, பிறேமனில் ஒரு அழைப்பு, மியூன்ஸ்ரரில் ஒரு அழைப்பு என்பது என் ஒழுங்கு. எடுக்காவிட்டால் வட்சப்பில் அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு வயது இருபத்தெட்டு. 'அப்பா, நான் ரயிலில நித்திரை கொள்ளக்கூடாதா?' என்று ஒருதடவை கேட்டாள். ஏறியதிலிருந்து வீட்டுக் கதவைத் தட்டும்வரை அழைப்பதில்லை என்று அவளோடு ஒப்பந்தம் செய்தேன்.

முதல் வெள்ளி ஒப்பந்தத்தின்படி நான் ஒரு தடவையும் அழைக்கவில்லை. பெருமையோடு கொப்பியை நீட்டினேன். 'வேறு என்ன செய்தீர்கள்?' என்று சிகிச்சையாளர் கேட்டார். ரயில்கள் எவ்வளவு பிந்துகின்றன என்பதைக் கணினியில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருதடவை பார்த்தேன். மனைவியிடம், 'பிள்ளைக்குச் சாப்பாடு என்ன வேணுமெண்டு ஒருக்காக் கேளுமன்' என்றேன். பயிற்சி பிழைக்கும் வழிகளில் மிகச் சாதாரணமானது இது: ஒரு கதவைப் பூட்டிவிட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பது. மனதுக்குள்ளேயே, 'இப்போது ஒஸ்னபுறுக் தாண்டியிருப்பாள்' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதும் யன்னல்தான். இன்னொரு பிழை, அளவு. தொடக்கத்திலேயே மேற்படியில் கால்வைத்து, தாங்கமுடியாமல் நடுவில் அழைத்துவிட்டால், உடம்பு படிப்பது பழைய பாடத்தையே. தாங்கி முடிக்கக்கூடிய அளவு சின்னதாகவும், நெஞ்சு கொஞ்சம் அடிக்கக்கூடிய அளவு பெரியதாகவும் இருக்கவேண்டும். அடிக்கவே இல்லையென்றால் அதுவும் பயனில்லை. விடை தெரிந்த ஒன்றை நீங்கள் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது வெள்ளி கைத்தொலைபேசிகள் இரண்டையும் சமையலறை லாச்சிக்குள் போட்டுவிட்டோம். கணினியை மூடினேன். பத்து மணி ஆகியது, வரவில்லை. பத்தரை. பதினொன்று. கொப்பியில் எழுதியிருந்தேன்: 'விபத்து நடந்திருக்கும், எனக்குத் தெரியாமல் நான் இங்கே புட்டு அவித்துக்கொண்டிருப்பேன்.' நான் உண்மையாகவே புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்குப் பதற்றம் ஒன்பது. மனைவி, 'இஞ்சருங்கோ, ஒருக்கா லாச்சியைத் திறப்பமோ?' என்றாள். திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, விநோதமாக, பதற்றம் ஆறுக்கு இறங்கியிருந்தது. தெரியாமை அப்படியே இருந்தது, ஒன்றும் தெளியவில்லை, ஆனாலும் இறங்கியது. பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. ரயில் வழியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டதாம். அவள் ஆறிய புட்டைச் சாப்பிட்டாள். அன்றிரவு நான் படித்ததை வேறு எவரும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கொதித்தெழுந்தார். 'மச்சான், அரசு செய்த வேலைக்கு நீ எங்கட மண்டைக்குள்ள மருந்து தேடுறாய்.' அவரது ஆட்சேபணையில் பாதி நியாயம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. டுல்டுங் இன்றும் இருக்கிறது. வதிவிடச் சட்டத்தின் 60அ பிரிவு. 'டுல்டன்' என்ற வினைச்சொல்லுக்குப் பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். அரசு ஒரு மனிதரைப் பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு காகிதம். இது வதிவிட அனுமதியல்ல, வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறக் கடமைப்பட்டவர் என்று அந்தக் காகிதத்திலேயே அச்சிட்டிருக்கும். இன்று அதைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், 'கடிதப்பெட்டியைத் திறக்காமல் பழகுங்கள்' என்பது முட்டாள்தனம் மட்டுமல்ல, ஆபத்து. மஞ்சள் உறையில் வரும் அரச கடிதம் பெட்டிக்குள் போடப்பட்ட நாளிலிருந்தே மேன்முறையீட்டுக் காலம் ஓடத் தொடங்கும். நீங்கள் பிரித்த நாளிலிருந்தல்ல. போட்ட திகதியை உறையிலேயே எழுதியிருப்பார்கள். புகலிட விவகாரங்களில் அந்தக் காலம் ஓரிரு வாரங்களாக இருக்கலாம். அந்த உறையை எறியாதீர்கள், அதில் பயிற்சி செய்யாதீர்கள்.

நெதர்லாந்தில் ஈராக்கிய அகதிகளிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வொன்று, வந்து ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களையும், முடிவின்றி இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டது. நெடுநாள் காத்திருந்தவர்களிடம் மனநோய்கள் கணிசமாகக் கூடுதலாக இருந்தன. அதற்கான மருந்து கொப்பி அல்ல, விரைவான நியாயமான முடிவு. ஆனால் நண்பரின் மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. அரசு என் பெட்டிக்குள் வைத்த பயத்தை அரசு வந்து எடுத்துவிடப் போவதில்லை. என் மகளின் நித்திரையைக் கெடுத்தது அரசு அல்ல, நான்.

இன்னொரு எல்லையும் உண்டு. அதைத் தாண்டி இந்த முறையை யாரும் கொண்டுபோகக்கூடாது. என் மூத்த அண்ணன் 1990இல் கூட்டிச்செல்லப்பட்டவர். இன்றுவரை ஒன்றும் தெரியாது. அம்மா சாகும்வரை இரவுச் சாப்பாட்டில் ஒரு கோப்பை கூடுதலாக வைத்தார். இதையும் ஏணியில் ஒரு படியாகப் போடலாமா என்று நான் கேட்டபோது, சிகிச்சையாளர் கொப்பியை மூடிவிட்டார். இது வேறு என்றார். அமெரிக்கரான போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, இதனைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாகப் பெயரிட்டார். ஆள் உடலாக இல்லை, மனதில் இருக்கிறார். துக்கம் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. இங்கு சிறிய அளவு என்று ஒன்று கிடையாது. முக்கியமாக, விடை இருக்கிறது. அது எங்கேயோ சிலருக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்தத் தொடங்கிய தாய்மார், தெரியாமையைப் பொறுத்துக்கொள்ள முடியாத நோயாளிகள் அல்ல. தமக்குத் தரப்படவேண்டிய ஒரு விடையைக் கேட்பவர்கள். பொறுத்துக்கொள்ளப் பழகு என்று அவர்களிடம் சொல்வது, அந்த விடையை ஒளித்துவைத்திருப்பவர்களுக்குச் செய்யும் உதவி. பொஸ் எழுதுவதும் மறப்பதைப் பற்றியல்ல; 'இருக்கிறார், இல்லை' என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு சமைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி. அம்மா அதைத்தான் செய்தார் போலும். அந்தக் கோப்பையை நாங்கள் ஒருவரும் எடுக்கச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இப்போது ஒரு நிம்மதி.

பெட்டியை இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் திறக்கிறேன். சுகவீனமான நாட்களில், நித்திரையில்லாத நாட்களில் இரண்டு தடவை. முழுதாகப் போய்விடும் என்று சிகிச்சையாளரும் வாக்குத் தரவில்லை. மகள் வரும் வெள்ளி வருகிறாள். இம்முறை யாரோ ஒரு சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். 'ஆர் அது பிள்ளை?' என்று கேட்டேன். 'வந்தாப் பிறகு பாருங்கோவன் அப்பா' என்றுவிட்டு வைத்துவிட்டாள். நான் திருப்பி அழைக்கவில்லை. மனைவி லாச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.